தலைக்கு வரும் திருவடி

பெருமாள் கோயிலில் தீர்த்தம் வாங்கிக் குடித்ததும் அர்ச்சகர் சடாரியை எடுப்பார். குனிந்து, வலக் கையால் வாயை மூடிக்கொள்கிறோம். ஒரு நொடி வெள்ளியின் குளிர்ச்சி உச்சந்தலையில் படும், அவ்வளவுதான். அவசரத்தில் சிலர் கையை நீட்டி அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ளப் பார்ப்பார்கள். அர்ச்சகர் சட்டென்று பின்வாங்குவார்.

கிரீடம் போலத் தெரியும் அதன் உச்சியில் இரண்டு திருவடிகள் இருக்கும். பெரியவர் காலில் நாம் போய் விழுவது வழக்கம். இங்கே பெருமாளின் கால் நம் தலையைத் தேடி வருகிறது. அந்தக் காலுக்கு ஒரு மனிதரின் பெயர்: சடகோபன், அதாவது நம்மாழ்வார். பிறக்கும்போது குழந்தையைச் ‘சடம்’ என்னும் வாயு சூழ்ந்துகொள்ள, முன்னறிவு மறந்து அது அழுகிறதாம். அந்த வாயுவைக் கோபித்து விரட்டியவர் என்பதால் சடகோபன்; அதற்குப் பகைவர் என்பதால் சடாரி. ஆகவே தலையில் படுவது எதையோ கொடுக்கிறது என்பதைவிட, மறதி ஒன்றை எடுத்துப் போகிறது என்பதே வைணவர் நம்பிக்கை. ஆசி என்றாலே ஏதாவது கையில் கிடைக்க வேண்டும் என்று நினைக்கிற நமக்கு இது கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருக்கும்.

சந்நிதி மாறினால் பெயரும் மாறும். இராமாநுசர் சந்நிதியில் சடாரிக்கு முதலியாண்டான் என்று பெயர். அவர் இராமாநுசரின் மருமகன், சீடர். நம்மாழ்வார் அவதரித்த ஆழ்வார்திருநகரியில், ஆழ்வாரின் திருவடிக்குப் பெயரே இராமாநுசன். ஆழ்வாருக்குப் பல நூற்றாண்டு பிந்தியவர்! பெருமாளுக்குக் காலாக இருப்பவருக்கு இன்னொருவர் கால், அவருக்கு மற்றொருவர். யார் காலும் அவரவர் சொந்தச் சொத்தாக இல்லை.

சந்நியாசிகளை வணங்கும்போதும் இதே கணக்குத்தான். விழுந்து எழுந்தால் அவர் ‘நாராயண, நாராயண’ என்பார். வணக்கத்தை மேலே அனுப்பிவிட்டேன், எனக்கென்று எதையும் வைத்துக்கொள்ளவில்லை என்று அதற்குப் பொருள்.

எங்கள் வீட்டில் பாட்டியை நமஸ்கரித்தால், ‘நன்னா இருடா’ என்று உடனே சொல்லிவிட மாட்டாள். புடவைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டு, சுவரில் தொங்கும் பெருமாள் படத்தை ஒருமுறை நிமிர்ந்து பார்ப்பாள். அப்புறம்தான் கை என் தலைக்கு வரும். காத்திருக்கும் அந்தக் கணத்தில் முழங்கால் வலிக்கும். ‘சீக்கிரம் சொல்லேன் பாட்டி!’ என்று நான் கத்தியதும் உண்டு.

‘இருடா, கேட்டுட்டுத்தானே சொல்லணும்’ என்பாள்.