நல்ல ராசாவா, நீசனா?

அய்யா உண்டு.



போன மாதம் முதல் ஞாயிறு உச்சிப்படிப்பு முடிந்து அன்னதர்மம் நடந்துகொண்டிருந்தது. அரசுப் பரீட்சைக்குப் படிக்கிற நம்ம ஊர்ப் பிள்ளை ஒருத்தி இலை போட வந்தவள், வாளியைக் கீழே வைத்துவிட்டு என்னிடம் கேட்டாள்: "மாமா, சுவாதித் திருநாள் நல்ல ராசான்னு புத்தகத்துல போட்டிருக்கு. நம்ம அகிலத்துல அந்தக் காலத்து ராசாவ கலிநீசன்னு வாசிக்கோம். பரீட்சையில ஒண்ணு எழுதணும், தாங்கல்ல ஒண்ணு வாசிக்கணுமா? இதுல எது சரி?"

"அதெல்லாம் அப்படித்தான் தாயி" என்று சொல்லி அனுப்பியிருக்கலாம். மனசு கேட்கவில்லை. நியாயமான கேள்விக்கு நியாயமான பதில் வேண்டும். தெரிந்தவர்களிடம் கேட்டும், நூலகத்தில் படித்தும் எனக்குத் தெளிந்ததை இங்கே எழுதுகிறேன்.

முதலில் அந்த அரசருக்கு உரியதைச் சொல்லிவிட வேண்டும். சுவாதித் திருநாள் 1813-ல் பிறந்தவர். 1829-ல் பதினாறு வயதில் ஆட்சிப் பொறுப்பேற்று 1846 வரை ஆண்டவர். திருவனந்தபுரத்தில் 1834-ல் ஆங்கிலப் பள்ளி வந்ததும், 1837-ல் வான ஆராய்ச்சிக் கூடம் வந்ததும் அவர் காலத்தில்தான். சட்டங்களை ஒழுங்கு செய்தார். பெரிய சங்கீத ஞானி, பக்திமான். இதில் எதுவும் பொய்யில்லை. புத்தகம் சொல்வது சரிதான்.

அப்படியானால் அகிலம் சொல்வது? அதுவும் சரிதான். இரண்டும் எப்படிச் சரியாகும் என்றால், நிறுக்கிற தராசு வேறு வேறு. ராசாவை நிறுக்க நம் நாட்டில் பழைய காலத்திலிருந்தே இரண்டு தராசு உண்டு.

முதல் தராசு, உலக வழக்கத்தைக் காப்பவன் அரசன் என்பது. யார் யார் எங்கே நிற்க வேண்டுமோ அங்கே நிறுத்துவதும், பூசையும் தானமும் தவறாமல் நடத்துவதும் அவன் கடமை. திருவிதாங்கூர் இந்தத் தராசில் நின்ற நாடு. 1750-ல் மார்த்தாண்ட வர்மா நாட்டையே பத்மநாப சுவாமிக்கு எழுதிக் கொடுத்து, தன்னைப் பத்மநாபதாசன் என்று சொல்லிக்கொண்டார். பின் வந்தவர்களும் அப்படியே. ஆறு வருஷத்துக்கு ஒருமுறை ஐம்பத்தாறு நாள் முறைஜபம் நடக்கும். துலாபுருஷதானம் என்று ஒன்றும் உண்டு. அரசர் ஒரு தட்டில் அமர, மறு தட்டில் பொன்னை வைத்து எடைக்கு எடை நிறுத்துப் பிராமணருக்குத் தானம் கொடுப்பார்கள். இந்தத் தராசில் பார்த்தால் அந்த அரசர்கள் குறைவைக்கவில்லை.

ஆனால் அந்தப் பொன் எங்கிருந்து வந்தது? அதைக் கேட்பதுதான் இரண்டாவது தராசு. தமிழில் இதுவே பழசு. வள்ளுவர் அரசனை எடை போடுவது அவன் செய்த தானத்தை வைத்து அல்ல. அவன் நாட்டில் அழுகிறவன் கண்ணீரை வைத்து. புறநானூற்றில் பிசிராந்தையார் என்ற புலவர் பாண்டியன் அறிவுடை நம்பிக்கு வரியைப் பற்றிச் சொன்ன புத்தி ஒன்று உண்டு. ஒரு சின்ன வயலில் விளைந்ததை அறுத்துக் கவளம் கவளமாகக் கொடுத்தால் யானைக்குப் பல நாள் வரும். யானையே வயலுக்குள் இறங்கிவிட்டால் நூறு வயல் இருந்தாலும் பற்றாது. அது வாயால் தின்பதைவிடக் காலால் கெடுப்பது அதிகம். அரசன் வரி வாங்கலாம். வயலுக்குள் இறங்கக்கூடாது என்பது அதன் கருத்து.

இறங்கிவிட்டான் என்பதை எப்படிக் கண்டுபிடிப்பது? பழைய நூல்கள் அரசனுக்கு ஆறில் ஒரு பங்கு என்று சொல்கின்றன. அது விளைச்சலில் பங்கு. நன்றாக விளைந்தால் அவனுக்கும் கூடும், மழை பொய்த்தால் அவனுக்கும் குறையும். குடியானவன் பட்டினியில் அரசனுக்கும் பங்கு உண்டு. பங்கு மாறி, ஆளுக்கும் கருவிக்கும் வரி வந்தால் அந்தக் கூட்டு முறிந்துபோகிறது. விளைந்தாலும் விளையாவிட்டாலும் அரசனுக்குக் குறைவில்லை.

தேரிக்காட்டில் வளர்ந்த நமக்கு இது எளிதாக விளங்கும். என் தகப்பனார் பனையேறி. வருஷத்தில் பாதி மாதம்தான் பதநீர். மீதி நாள் ஓலையும் நாரும் கடனும். அய்யா பிறந்த காலத்துத் திருவிதாங்கூரில் பனைக்கு வரி. அதில் சாத்துகிற ஏணிக்கு வரி, அதற்கு ஏணிக்காணம் என்று பேர். காலில் மாட்டுகிற தளைக்கு வரி, அதற்குத் தளைக்காணம் என்று பேர். ஒரே மரத்தில் ஏறுகிறவனிடம் மரத்துக்கும் ஏணிக்கும் காலில் கிடக்கிற நாருக்குமாக மூன்று தடவை வாங்கினார்கள். பாளை சுரந்ததா என்று கேட்டு வாங்கிய வரி இல்லை இது. இதற்கு மேல் கூலியில்லாத ஊழியம். இப்படிச் சில்லறை வரிகள் நூற்றுக்கும் மேலே இருந்ததைப் பின்னால் 1860-களில் அந்த அரசாங்கமே நீக்கியது. அவை இருந்தன என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

அந்தப் பிள்ளை இங்கே குறுக்கே கேட்டாள்: "ராசாவுக்கும் மேல வெள்ளைக்காரன் இருந்தானே மாமா, அவரு என்ன செய்வாரு?" சரிதான். 1805 உடன்படிக்கைப்படி திருவிதாங்கூர் வருஷத்துக்கு எட்டு லட்சம் ரூபாய் கும்பெனிக்குக் கட்ட வேண்டியிருந்தது. யானை மேலே ஒரு பாகன் அங்குசத்தோடு உட்கார்ந்திருந்தான். அகிலமும் வெண்ணீசன் என்று அவனைத் தனியாகச் சொல்லாமல் விடவில்லை. ஆனால் மேலிருந்து வந்த சுமையை யார் தலையில் இறக்கினார்கள் என்பதே கேள்வி. முறைஜபமும் ஊட்டுப்புரையும் குறையாமல் நடந்தன. பனையேறியின் தளை மட்டும் கணக்கில் ஏறியது. சுமை வந்தது அரசர் குற்றமில்லை. அதைக் கீழே இருந்தவன் தலையில் இறக்கி வைத்தது அவர் அரசு.

இரண்டாவது தராசில் இன்னொரு படிக்கல்லும் உண்டு. கசப்பான சொல்லைப் பொறுத்துக் கேட்கிறவனே அரசன் என்கிறார் வள்ளுவர். மனுநீதிச் சோழன் வாசலில் கன்றை இழந்த பசுவும் மணியடிக்க முடிந்தது. அய்யா காலத்தில் நம் முன்னோர் கோயில் தெருவில் கால்வைக்க முடியாது. முண்டாசு கட்ட முடியாது. பெண்கள் மேலாடை அணியக்கூடாது என்று 1829-ல் உத்தரவே போட்டார்கள். மணி இருந்தாலும் அதன் கயிறு எட்டாத தூரத்தில் நின்றார்கள். அகிலத்தில் அய்யாவைப் பிடிக்க ஆள் அனுப்புமுன் பூவண்டர் அரசனிடம் பேசுவதை நாம் ஏடு வாசிப்பில் கேட்டிருக்கிறோம். இறைவன் எந்தச் சாதியிலும் வருவார் என்று அவர் எடுத்துச் சொன்னார். அரசன் கோபித்தான். பள்ளியும் வான ஆராய்ச்சிக் கூடமும் திறந்த அரசாங்கம் அந்த ஒரு சொல்லுக்குக் காதைத் திறக்கவில்லை. அய்யா சிங்காரத்தோப்பில் சிறையிருந்தார்கள்.

அரசனை அரசன் என்றே அழைக்காமல் நீசன் என்பது தகுமா என்று சிலர் கேட்பார்கள். இதுவும் புதிதல்ல. செங்கோலைக் கையில் வைத்துக்கொண்டு குடிகளிடம் பொருள் கேட்பவனை, வேலைப் பிடித்துக்கொண்டு வழிமறிக்கிற கள்வனுக்கு ஒப்பிட்டார் வள்ளுவர். சீன தேசத்தில் இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முன் மென்சியஸ் என்ற அறிஞர் இருந்தார். அவரிடம் ஒரு மன்னன், முற்காலத்தில் ஒரு கொடிய அரசனைக் குடிபடை கொன்றதே, அது தகுமா என்று கேட்டான். அன்பையும் நீதியையும் அழித்தவன் வெறும் ஆள். ஒரு ஆள் கொல்லப்பட்டதாகக் கேள்வி, அரசன் கொல்லப்பட்டதாகக் கேள்வியில்லை என்றார் அவர். அரசன் என்ற பேர் செய்கையோடு ஒட்டியது. செய்கை போனால் பேரும் போகும். நீசன் என்றால் தர்மத்தைவிட்டுத் தாழ்ந்தவன். பிறப்பால் தாழ்ந்தவர்கள் என்று எங்களைச் சொன்னாயே, நடத்தையால் தாழ்ந்தவன் யார் பார் என்று அந்தச் சொல்லைத் திருப்பி வைத்தார்கள் அய்யா.

ஆனால் மென்சியஸ் நிறுத்திய இடத்தில் அய்யா நிற்கவில்லை. பேர் போன அரசனைக் கொல்லலாம் என்று அய்யா சொல்லவில்லை. சேவகர் பிடிக்க வந்தபோது கைநீட்டப் போன சான்றோரைத் தடுத்தார்கள். வள்ளுவரும் பிசிராந்தையாரும் அரசனைத் திருத்தப் பார்த்தார்கள். அய்யாவோ, நல்ல அரசன் செய்ய வேண்டியதைக் குடிகளையே செய்ய வைத்தார்கள். அரசன் கிணற்றில் தண்ணீர் எடுக்க விடவில்லையா, எல்லாச் சாதிக்கும் முத்திரிக்கிணறு வந்தது. சேர்ந்து உண்ண விடவில்லையா, சமமாக உட்கார்ந்து உண்டார்கள். தலையில் துணி கட்டக்கூடாதா, இறைவன் முன்னே தலைப்பாகை கட்டி நின்றார்கள். கிரீடம் ஒரு தலையிலிருந்து எல்லாத் தலைக்கும் வந்தது. வரி கேட்காத, ஆயுதம் எடுக்காத தர்மராச்சியம் என்று நாம் காத்திருப்பதற்கு அங்கேயே விதை போட்டாயிற்று.

அந்தப் பிள்ளையிடம் கடைசியாக இதைத்தான் சொன்னேன்: "பரீட்சையில அவர் செஞ்ச நல்லத எழுது தாயி, அது உண்மை. யார் தலையில வரி ஏறிச்சுன்னும் ஒரு வரி சேர்த்து எழுது, அதுவும் உண்மை."

அவள் சிரித்துவிட்டு, "அப்போ நம்மள எந்தத் தராசுல நிறுக்கது?" என்று கேட்டுவிட்டுப் போனாள். அது எனக்குத் தைத்தது. அன்று பந்தியில் வெள்ளைவேட்டிக்காரர்களை முதல் வரிசையில் உட்கார வைத்தவன் நான்தான். உப்பளத்துக்குப் போய்விட்டுப் பிந்தி வந்த மூன்று அம்மாமார் வெளியே வேப்பமரத்தடியில் நின்றார்கள். தாங்கல் கணக்கு நோட்டும் என் பெட்டியில்தான் இருக்கிறது. கேட்டால் காட்டுவேன், ஆனால் கேட்க எத்தனை பேருக்குத் துணிச்சல் வரும்? காணிக்கை வேண்டாம் என்ற அய்யாவின் பதியில், வாளி பிடித்தவனும் சின்ன ராசாதான். நீசன் என்பது ஒரே ஒரு ஆளின் பேர் அல்ல.

அடுத்த ஞாயிறு முதல் கணக்கு நோட்டு வாசல் திண்ணையில் விரித்தே கிடக்கிறது. பந்தியில் வேலை முடித்துப் பிந்தி வருகிறவர்களுக்கு முன் வரிசையில் பாதி இலை ஒதுக்கி வைக்கிறோம்.

அய்யா உண்டு.