மே மாதத் தண்ணீர்

பகல் இரண்டு மணி. கூடுவாஞ்சேரி வெயில். மொட்டைமாடித் தொட்டியிலிருந்து லேப் குழாய்க்கு வரும் தண்ணீரில் தெர்மாமீட்டரை வைத்தேன். 34 டிகிரி.

ரோட்டாவேப்பின் அட்டவணையில் எத்தனாலுக்கு 175 மில்லிபார் என்று இருக்கிறது. அந்த அழுத்தத்தில் எத்தனால் 40 டிகிரியில் கொதிக்கும். வாட்டர் பாத் அதைவிட 20 டிகிரி கூடுதலாக, 60-இல் இருக்க வேண்டும். கண்டென்சர் தண்ணீர் 20 டிகிரி குறைவாக, 20-இல் இருக்க வேண்டும். அந்த 20 டிகிரி தண்ணீர் நம் குழாயில் மே மாதம் வராது. 34 டிகிரித் தண்ணீரையே ஓடவிட்டால் ஆவிக்கும் தண்ணீருக்கும் ஆறு டிகிரிதான் இடைவெளி. ஆவியில் ஒரு பங்கு குளிராமலே பம்புக்குள் போய்விடும். கண்டென்சர் சுருளின் உச்சிவரை ஈரம் படர்ந்திருந்தால் அதுதான் நடக்கிறது. ஈரக்கோடு பாதி உயரத்தைத் தாண்டாமல் இருந்தால் நிம்மதி.

அதனால் நான் கணக்கைத் தண்ணீரிலிருந்து தொடங்குகிறேன். ஒரு வாளி ஐஸ், ஏர்கூலருக்குப் போடும் சின்ன மோட்டார். தண்ணீர் 10 டிகிரிக்கு இறங்கியது. அப்படியானால் ஆவி 30, பாத் 50, அழுத்தம் சுமார் 105 மில்லிபார். இலைச்சாறுக்கும் சூடு குறைவதே நல்லது.

*

பிளாஸ்கில் சிறுகுறிஞ்சான் இலைச்சாறு, 70 சதவீத எத்தனாலில். 500 மில்லி பிளாஸ்க், 200 மில்லி சாறு. பாதிக்கு மேல் ஊற்றுவதில்லை.

முன்பொரு நாள் அவசரத்தில் பிளாஸ்கை முதலில் பாத்தில் இறக்கி, சூடேறவிட்டு, பிறகு வேக்குவத்தை ஒரேயடியாகத் திறந்தேன். 50 டிகிரியில் எத்தனால் 295 மில்லிபாரிலேயே கொதிக்கும். அழுத்தம் அதற்கும் கீழே சட்டென்று விழுந்ததும், சாறு முழுவதும் ஒரே நொடியில் குமுறி எழுந்து கண்டென்சரைப் பச்சையாக்கியது. பம்பிங் என்பது அதுதான்.

இப்போது வரிசை வேறு. முதலில் சுழற்சி. குளிர்ந்த நிலையிலேயே வேக்குவம் 180 வரை. கரைந்திருந்த காற்று சின்னக் குமிழிகளாகப் போய் முடியும்வரை காத்திருப்பு. பிறகே பாத்தில் இறக்கம். சொட்டு சீராக விழத் தொடங்கியதும் பத்துப் பத்தாக 105 வரை. கை எப்போதும் காற்றுத் திறப்பின் மேலேயே இருக்கும். நுரை கழுத்தை நோக்கி ஏறினால் லேசாகத் திறந்தால் போதும், அமர்ந்துவிடும்.

*

சொட்டு நின்றது. எத்தனாலில் பெரும்பகுதி போய்விட்டது. பிளாஸ்கில் இருப்பது தண்ணீர். 30 டிகிரியில் தண்ணீர் கொதிக்க 42 மில்லிபார் வேண்டும். ஆனால் சிறுகுறிஞ்சானில் சபோனின் உண்டு, சோப்பு போல நுரைக்கும். எத்தனால் இருந்தவரை அது அடங்கியிருந்தது. அழுத்தத்தைக் குறைத்து 80-க்கு வந்தபோதே பிளாஸ்கின் தோள்வரை வெள்ளை நுரை.

அங்கேயே நிறுத்திவிட்டேன். மீதித் தண்ணீரை லயோபிலைசர் பார்த்துக்கொள்ளும்.