கூத்தாண்டவர் கோயிலில் இரண்டு தாலி

காலாப்பட்டில் பல்கலைக்கழகப் பக்கம் டீ குடிக்கப் போனால், கோட்பாடு படிக்கும் பிள்ளைகள் யாராவது பேச்சுக்கு மாட்டுவார்கள். நான் படித்தது இன்ஜினியரிங். ஆனாலும் ஜூடித் பட்லர் பெயர் வந்துவிட்டால் என்னையும் உட்கார வைத்துவிடுவார்கள். கேள்வி எப்போதும் ஒன்றுதான். “பாலினம் நிகழ்த்தப்படுறதுன்னா, எல்லாரும் நடிக்கிறோமா அண்ணா? நாளைக்கு வேற மாதிரி நடிச்சா நான் வேற ஆளா?”

இல்லை. நடிப்பு வேறு, பட்லர் சொல்வது வேறு.

1990இல் ‘ஜெண்டர் ட்ரபிள்’ எழுதிய பட்லருக்குப் பின்னால் ஜே.எல். ஆஸ்டின் என்ற மொழித் தத்துவவாதியின் யோசனை ஒன்று இருக்கிறது. சில வாக்கியங்கள் செய்தி சொல்லும், சில வாக்கியங்கள் காரியத்தையே செய்துவிடும். “கூட்டம் ஒத்திவைக்கப்படுகிறது” என்று தலைவர் சொன்னால், சொன்ன அந்த நொடியில் கூட்டம் முடிந்தது. பிரசவ வார்டில் “பொண்ணு பொறந்திருக்கு” என்பதும் வெறும் செய்தி மாதிரிதான் கேட்கும். ஆனால் அதோடு ஒரு வேலை ஆரம்பிக்கிறது. காது குத்து, பாவாடை, காலைச் சேர்த்து உட்காரு, சத்தமா சிரிக்காத. ஒரு நாளில்லை, இருபது வருஷம். திரும்பத் திரும்பச் செய்ததில் அது உள்ளேயிருந்தே வருவது போலப் படிந்துவிடுகிறது. உள்ளே ஏற்கெனவே இருந்த ஒன்று இப்படி வெளியே தெரிகிறது என்று நாம் நினைக்கிறோம். பட்லர் தலைகீழாகச் சொல்கிறார்: செய்கைகள் முதலில், ‘உள்ளே இருப்பது’ அவற்றின் விளைவு.

இதற்கு நம் பக்கத்திலேயே உதாரணம் இருக்கிறது. இங்கிருந்து விழுப்புரம் தாண்டி உளுந்தூர்ப்பேட்டைப் பக்கம் போனால் கூவாகம். சித்திரைப் பௌர்ணமியையொட்டி, களப்பலியாகப் போகும் அரவானுக்கு மனைவியாகத் திருநங்கைகள் பூசாரி கையால் தாலி கட்டிக்கொள்வார்கள். மறுநாள் தாலி அறுத்து, வளையல் உடைத்து, வெள்ளைப் புடவை. இது எல்லோருக்கும் தெரியும், வருஷா வருஷம் போட்டோ வருகிறது. போட்டோவில் அவ்வளவாக வராத ஒன்று உண்டு. சுற்றுவட்டார ஊர்களின் ஆண்களும் வேண்டுதலுக்காக அதே தாலியைக் கட்டிக்கொள்கிறார்கள். கல்யாணமாகி, பிள்ளை குட்டியோடு இருக்கும் விவசாயிகளும் இதில் உண்டு.

அதே கோயில், அதே மஞ்சள் கயிறு. சடங்கின் கணக்கில் இருவருமே அன்றிரவு அரவானின் மனைவிதான். பாலினம் என்பது ஒரு தடவை போடும் வேஷம் என்றால், அந்த விவசாயியும் அன்றிரவு பெண்ணாகியிருக்க வேண்டும். ஆகவில்லை. ஊரில் யாரும் அவரை அப்படிப் பார்ப்பதுமில்லை. அவருக்குப் பின்னால் நாற்பது வருஷ ஆண் வாழ்க்கை நிற்கிறது, ஒரு ராத்திரி அதை அசைக்காது. திருநங்கைக்கோ அந்தத் தாலி, தினமும் தெருவில் மறுக்கப்படுகிற ஒன்றை ஊர் முன்னால் ஒப்புக்கொள்ள வைக்கும் தருணம். ஒரே செய்கை இரண்டு பேருக்கு இரண்டு பலன் தருகிறது. ஒரு செய்கைக்குத் தனியாக அந்தச் சக்தி இல்லை, முன்னும் பின்னும் எவ்வளவு திரும்பச் செய்யப்பட்டது, யார் அதை ஏற்கிறார்கள் என்பதில்தான் இருக்கிறது.

சட்டை மாற்றுவது போல மாற்றிக்கொள்ளலாம் என்று தன்னைப் பலர் படித்துவிட்டதைப் பார்த்து, 1993இல் அடுத்த புத்தகத்தில் பட்லரே அதை மறுத்தார். இந்தத் திரும்பச் செய்தல் மிரட்டலோடு நடப்பது. என் கல்லூரியில் ஒருவன் கொஞ்சம் இடுப்பசைத்து நடப்பான். நாலு வருஷமும் அவன் வகுப்புக்குள் வந்தால் பின் பெஞ்சிலிருந்து ஒரு எண்ணைச் சொல்லிக் கூப்பிடுவார்கள். எந்த எண் என்று தமிழ் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டாம். மூன்றாம் வருஷம் அவன் நடை மாறிவிட்டது, தோளை விறைத்துக்கொண்டு நடந்தான். ஆண் நடை இயற்கை என்றால் இவ்வளவு காவல் எதற்கு? தண்ணியைப் பார்த்து பள்ளத்துல ஓடுன்னு யாரும் அதட்டுவதில்லை. ஓர் இடத்தில் பாலினம் நிகழ்த்தப்படுகிறது என்று கண்டுபிடிக்க வேண்டுமா, அங்கே யார் யாரைத் திருத்துகிறார்கள் என்று பாருங்கள்.

இந்தக் கோட்பாடு தடுமாறும் இடமும் உண்டு. எவ்வளவு அடித்தும் திருத்தியும் ‘நான் பையன் இல்லை’ என்ற உணர்வு சிலருக்குப் போவதே இல்லை. திரும்பச் செய்வதுதான் பாலினத்தை உண்டாக்குகிறது என்றால், அந்தப் பிள்ளைக்கு ஆண் பாடம் ஏன் படியவில்லை? திருநர் எழுத்தாளர் ஜூலியா செரானோ 2007லேயே, எல்லாமே நிகழ்த்துதல்தான் என்ற பேச்சை இந்தக் கோணத்திலிருந்து கடுமையாக எதிர்த்தார். எனக்கு அவர் பக்கம் நியாயம் இருப்பதாகவே படுகிறது. உள்ளே ஏதோ இருக்கிறது. ஆனால் அது புடவையாகவும் தாலியாகவும்தான் வெளியே வர வேண்டும் என்பதை அந்த உள்ளுணர்வு முடிவு செய்யவில்லை, ஊர் முடிவு செய்தது. 2014 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம், ஒருவரின் பாலினத்தைச் சொல்ல வேண்டியவர் அவரே, அறுவை சிகிச்சை செய்யச் சொல்லி வற்புறுத்தக் கூடாது என்று தீர்ப்பளித்தது. பிரசவ வார்டில் வேறொருவர் சொன்ன வாக்கியத்தைத் திருத்திச் சொல்லும் உரிமை என்று அதைப் புரிந்துகொள்ளலாம்.

கூவாகத்தில் நாம் எல்லோரும் திருநங்கைகளைத்தான் வேடிக்கை பார்க்கிறோம். நான் பார்க்கச் சொல்வது அந்த விவசாயியை. தாலியைக் கழற்றிவிட்டு, வேட்டியை மடித்துக் கட்டி, பஸ்ஸில் ரெண்டு பேர் இடத்தில் காலை அகட்டி உட்கார்ந்து, கண்டக்டரிடம் குரலை உயர்த்தி டிக்கெட் கேட்கிறார். அதற்கு யாரும் போட்டோ எடுப்பதில்லை.