துருவேறிய வாளி

போன ஞாயிற்றுக்கிழமை ஒரு கைத்தறிக் கண்காட்சிக்குப் போயிருந்தேன். பளபளவென்று அடுக்கி வைத்திருந்த சேலைகளுக்கு நடுவே ஒரு சேலை மட்டும் சத்தமில்லாமல் கிடந்தது. கத்தரிப்பூ நிறம். அதுவும் காலையில் மலர்ந்த பூ இல்லை, சாயங்காலம் லேசாக வாடிய பூ. கையில் எடுத்துப் பார்த்தேன், கீழே வைக்க மனமே வரவில்லை.

கடையில் உட்கார்ந்திருந்த பெரியவர் நூலுக்குச் சாயம் போடுகிறவர். திண்டுக்கல் பக்கத்தில் ஒரு கிராமம். "இந்த நிறத்தை எப்படிங்கய்யா பிடிச்சீங்க?" என்று கேட்டேன். "நான் எங்கம்மா பிடிச்சேன்? பயந்துபோய் நான் செஞ்ச தப்பு அது" என்றார். அப்புறம் அந்தக் கதையைச் சொன்னார்.

அவருக்கு அப்போது பதினேழு வயது. தாய்மாமனுடைய சாயப்பட்டறையில் வேலை பழகிக்கொண்டிருந்தார். ஒரு நெசவாளர் நாலு கிலோ பருத்தி நூலுக்குச் சிவப்பு கேட்டிருந்தார். மஞ்சிட்டி வேரில் வருகிற சிவப்பு. மஞ்சிட்டியை மட்டும் போட்டால் பருத்தி அதைப் பிடித்து வைத்துக்கொள்ளாது. அதனால் நூலை முதலில் நன்றாக வேகவைத்து அழுக்கும் எண்ணெயும் போக அலச வேண்டும். பிறகு கிலோவுக்கு 200 கிராம் கடுக்காய்த் தூள் கரைத்த தண்ணீரில் இரவு முழுக்க ஊறவைத்து, பிழிந்து நிழலில் உலர்த்த வேண்டும். நூல் வெளிர்மஞ்சளாக மாறியிருக்கும். அதன் பிறகு கிலோவுக்கு 150 கிராம் படிகாரம் கரைத்த தண்ணீரில் முக்க வேண்டும். இந்தக் கடுக்காயும் படிகாரமும்தான் சாயத்தை நூலோடு கட்டிப்போடுகின்றன.

கடுக்காய் வேலை ஒழுங்காக முடிந்துவிட்டது. படிகாரத்தை முதல்நாள் சாயங்காலமே சுடுதண்ணீரில் கரைத்து வைப்பது அங்கே வழக்கம். அதற்கென்று ஒரு மண்பானை உண்டு. அன்றைக்குப் பார்த்து அந்தப் பானை விரிசல் விட்டிருந்தது. பையன் கிணற்றடியில் கிடந்த இரும்பு வாளியை எடுத்தான். உள்பக்கம் முழுக்கத் துரு. ஒரு தடவை தண்ணீர் விட்டு அலசிவிட்டு, 600 கிராம் படிகாரத்தையும் அதிலேயே கரைத்து வைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டான்.

காலையில் வாளித் தண்ணீர் கொஞ்சம் மஞ்சளடித்துக் கிடந்தது. தூசி விழுந்திருக்கும் என்று நினைத்து, பெரிய தொட்டியில் ஊற்றி, தண்ணீர் சேர்த்துக் கலக்கி, நூல் சிட்டங்களை மூங்கில் கோலில் மாட்டி இறக்கினான். "கண்ணு முன்னாலயே மாறிச்சும்மா. வெளிர்மஞ்சளா இருந்த நூல், நான் கோலைத் திருப்பத் திருப்ப, சாம்பல் பூத்தாப்ல ஆயிருச்சு" என்றார் பெரியவர். சொல்லும்போது அவருடைய இரண்டு கைகளும் இல்லாத கோலைத் திருப்பின.

நடந்தது இதுதான். படிகாரத் தண்ணீர் புளிப்புத்தன்மை உள்ளது. இரவு முழுக்க அது துருவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கரைத்திருக்கிறது. கடுக்காயின் துவர்ப்பும் இரும்பும் சேர்ந்தால் கருப்பு வரும். கலம்காரிக் கலைஞர்கள் கருங்கோடு இழுப்பதே இந்த வழியில்தான். இரும்புத் துண்டுகளை வெல்லத் தண்ணீரில் பல நாள் புளிக்கவைத்து, அந்த நீரைத் தொட்டுக் கடுக்காய் ஏற்றிய துணியில் வரைவார்கள். தொட்ட இடம் கருக்கும். பையனுடைய தொட்டியில் இரும்பு ரொம்பக் குறைவு, அதனால் கருப்பு வராமல் சாம்பலோடு நின்றது. நூலை வாளிக்குள்ளேயே போட்டிருந்தால் இரும்பு பட்ட இடமெல்லாம் கரும்புள்ளி விழுந்து மொத்தமும் வீணாகியிருக்கும்.

மாமா இன்னும் வரவில்லை. பையனுக்குத் தொண்டை வறண்டுவிட்டது. சிவப்புச் சாயத்தில் போட்டால் சாம்பல் மறைந்துவிடும் என்று ஒரு கணக்குப் போட்டான். மஞ்சிட்டி அண்டாவை அடுப்பில் ஏற்றி, நூலை இறக்கினான். மஞ்சிட்டியைக் கொதிக்கவிடக் கூடாது, கொதித்தால் வேரிலிருந்து பழுப்பும் சேர்ந்து இறங்கி நிறம் மங்கிவிடும். அந்தப் பயத்திலும் அதை மறக்காமல், ஆவி பறக்கிற சூட்டிலேயே வைத்துத் திருப்பிக்கொண்டிருந்தான். ஒரு மணி நேரம் கழித்துத் தூக்கிப் பார்த்தால், அது சிவப்பில்லை. நான் சேலையில் பார்த்த அந்த வாடிய கத்தரிப்பூ.

மாமா வந்தார். கொடியில் தொங்கிய நூலைப் பார்த்தார். விரலில் சுற்றி ஒரு இழையை இழுத்துப் பார்த்தார். அப்புறம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: "படிகாரத்தை எதுலடா கரைச்ச?"

பையன் வாளியைக் காட்டினான். மாமா அதைக் கழுவ விடவில்லை.

எனக்கு இந்தக் கதையில் பிடித்த இடம் இதுதான். கத்தரிப்பூ நிறம் உலகத்துக்குப் புதிதல்ல. இந்த வகை வேரோடு இரும்பைச் சேர்த்தால் ஊதாப் பக்கம் போகும் என்பது பழைய சாயக்காரர்கள் அறிந்ததுதான். அந்தப் பட்டறைக்குத்தான் அது புதிது. ஆனால் முதல் வார்த்தையே வசவாக வந்திருந்தால் அந்தப் பையன் என்ன செய்திருப்பான்? மறுநாளே வாளியைத் தேய்த்துக் கழுவியிருப்பான். படிகாரம் மட்டம், கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று சொல்லியிருப்பான். நிறமும் அன்றோடு போயிருக்கும். வீட்டில் பிள்ளை ஒன்றைக் கொட்டிவிட்டாலும், கடையில் புதுப் பையன் ஒன்றைக் கெடுத்துவிட்டாலும், நாம் "எதுல கரைச்ச?" என்றா கேட்கிறோம்? "உனக்கு அறிவிருக்கா?" என்றுதானே கேட்கிறோம். அந்தக் கேள்விக்கு எந்தப் பிள்ளையாலும் உண்மையான பதில் சொல்ல முடியாது.

தற்செயலாக வந்த நிறத்தைத் திரும்ப வரவழைப்பதுதான் பெரிய பாடு. அடுத்த முறை அதே வாளியில் கரைத்த தண்ணீர் மூன்று நாள் நின்றுவிட்டது. நூல் கரும்பழுப்பாக வந்தது. துருவை நம்பினால் அளவு பிடிபடாது என்று மாமா நாட்டு மருந்துக் கடையில் அன்னபேதி வாங்கி வந்தார். அதுவும் இரும்பு உப்புதான், ஆனால் தராசில் நிறுக்கலாம். நூறு நூறு கிராம் நூலாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் ஒவ்வோர் அளவு போட்டுப் பார்த்தார்கள். கிலோவுக்கு 5 கிராம் கணக்கில் போட்டதில் கத்தரிப்பூ வந்தது. 30 கிராம் கணக்கில் போட்டதில் நிறம் இருண்டது, நூலும் சொரசொரத்தது. சில மாதம் கழித்து அந்த நூலை இழுத்தால் பட்டென்று அறுந்தது. இரும்பு கூடினால் பருத்தியை அரித்துவிடும்.

சாயம் நிற்குமா என்பதற்கும் ஒரு சோதனை. நூலில் பாதியை அட்டையால் மூடி, ஒரு வாரம் வெயிலில் கட்டிவைத்தார்கள். அட்டையை எடுத்தபோது மூடிய பாதிக்கும் திறந்த பாதிக்கும் பெரிதாக வித்தியாசம் தெரியவில்லை. அன்றைக்குத்தான் மாமா சிரித்தாராம்.

"அந்த முதல் நாலு கிலோ என்னாச்சுங்கய்யா?" என்று கேட்டேன். சிவப்பு கேட்ட நெசவாளரிடம் மாமாவே போய் நடந்ததைச் சொல்லி, வேறு நூலில் சிவப்புப் போட்டுக் கொடுத்தார். கத்தரிப்பூ நூலைக் கூலி கொடுத்து நெய்யச் சொன்னதில் எட்டுச் சேலை வந்தது. ஏழு விற்றுப்போனது. எட்டாவதை மாமா தன் அக்காவுக்குக் கொடுத்துவிட்டார், பையனுடைய அம்மாவுக்கு.

"ஏன்டா, இதென்ன பழைய சேலை மாதிரி இருக்கு? அப்படின்னு கேட்டுச்சும்மா எங்கம்மா" என்றார் பெரியவர். "அப்புறம் எல்லாக் கல்யாணத்துக்கும் அதைத்தான் கட்டிட்டுப் போச்சு."