படத்திலிருந்து படித்த எண்ணுக்கு எத்தனை மார்க்?

கணிதத் தாளில் பெரும்பாலான கேள்விகளுக்கு விடை ஒன்றுதான். 48 என்றால் 48. 47 எழுதினால் தவறு. பட்டை விளக்கப்படமும் வட்ட விளக்கப்படமும் வரும்போது இந்தக் கண்டிப்பு உதவாது. அங்கே மாணவர் முதலில் படத்தைப் பார்த்து ஓர் அளவை எடுக்கிறார், பிறகுதான் கணக்குப் போடுகிறார். கண்ணால் எடுத்த அளவு ஆளுக்கு ஆள் கொஞ்சம் மாறும். 'இரண்டு மூன்று முன்னே பின்னே இருந்தால் விட்டுவிடலாம்' என்று ஆசிரியர்கள் வாய்மொழியாகப் பேசி முடித்துக்கொள்வது வழக்கம். அந்த விட்டுக்கொடுத்தல் எந்த எண்ணுக்கு என்பதில்தான் சிக்கல் இருக்கிறது.

ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம். ஓர் ஊரின் மாத மழையளவு பட்டை விளக்கப்படமாகத் தரப்பட்டிருக்கிறது. நிலைக்குத்து அச்சில் 0, 50, 100, 150, 200 என்று மில்லிமீட்டர் குறித்திருக்கிறார்கள். இடையில் பத்துக்கு ஒன்றாக மெல்லிய கோடுகள். அக்டோபர் பட்டை 170க்கும் 180க்கும் நடுவில் நிற்கிறது, நவம்பர் பட்டை 190க்கும் 200க்கும் நடுவில். அக்டோபரைவிட நவம்பரில் மழை எத்தனை சதவீதம் அதிகம்? நான்கு மார்க். படம் வரைந்தவரின் கையில் இருந்த எண்கள் 175, 195. வித்தியாசம் 20, அதை 175ஆல் வகுத்தால் 11.4 சதவீதம். விடைக்குறிப்பில் 11.4 என்று ஏறிவிடுகிறது.

இப்போது மூன்று விடைத்தாள்கள். முதல் மாணவி 173, 197 என்று படித்திருக்கிறாள், விடை 13.9. இரண்டாவது பையன் 178, 192 என்று படித்து 7.9 எழுதியிருக்கிறான். மூன்றாவது மாணவர் அச்சு அசலாக 175, 195 என்று படித்துவிட்டு, 20ஐ அக்டோபரின் 175ஆல் வகுக்காமல் நவம்பரின் 195ஆல் வகுத்திருக்கிறார், விடை 10.3. குறிப்பில் உள்ள 11.4க்கு மிக அருகில் இருப்பது மூன்றாவது விடை. ஆனால் முறை தெரியாதவர் அவர் ஒருவர்தான். முதல் இருவரும் எந்தப் பிழையும் செய்யவில்லை. இறுதி விடைக்கு 'ஒன்றரை சதவீதம் முன்னே பின்னே' என்று இடம் கொடுத்தால், சரியாகச் செய்தவர்கள் வெளியே போகிறார்கள், தவறு செய்தவர் உள்ளே வருகிறார்.

காரணம் எளிது. நெருக்கமான இரண்டு எண்களைக் கழித்தால் மிஞ்சுவது சிறிய எண். படித்ததில் இருந்த சின்னத் தடுமாற்றம் அந்தச் சிறிய எண்ணில் பெரிதாகத் தெரியும். இரண்டு கோடுகளுக்கு நடுவே படித்தால் சரி என்று வைத்துக்கொண்டால், அக்டோபருக்கு 171 முதல் 179 வரை, நவம்பருக்கு 191 முதல் 199 வரை எதுவும் ஏற்கத்தக்கது. அப்போது நியாயமான இறுதி விடை 6.7இலிருந்து 16.4 வரை எங்கு வேண்டுமானாலும் விழலாம். அவ்வளவு அகலமான வலையை விரித்தால் வகுக்கத் தெரியாதவர்களும் அதில் அகப்படுவார்கள்.

ஆகவே சலுகையைப் படித்த எண்ணுக்கு மட்டும் கொடுக்க வேண்டும். கணக்கைச் சோதிக்கும்போது மாணவரின் சொந்த எண்களை வைத்துத்தான் சோதிக்க வேண்டும். இரண்டு அளவுகளுக்கு ஒவ்வொரு மார்க், வித்தியாசத்தை அக்டோபரால் வகுத்ததற்கு ஒன்று, அந்த எண்களிலிருந்து வர வேண்டிய விடை வந்ததற்கு ஒன்று. இப்படித் திருத்தினால் முதல் இருவருக்கும் நான்கு, மூன்றாமவருக்கு இரண்டு.

படித்ததே தவறானால்? மெல்லிய கோடு ஒவ்வொன்றையும் ஐந்தாக எண்ணுவது அடிக்கடி நடக்கும் பிழை. 150க்கு மேலே இரண்டரைக் கட்டம் என்பதை 162 என்றும், நாலரைக் கட்டத்தை 172 என்றும் எழுதி, 10ஐ 162ஆல் வகுத்து 6.2 என்று முடிப்பார்கள். எண் இரண்டும் தவறு, ஆனால் தவறு ஒன்றே. என் கணக்கில் இதற்கு ஒரு மார்க் குறைத்தால் போதும். இரண்டு குறைப்பவர்களும் உண்டு. எதுவானாலும் முன்கூட்டியே விடைக்குறிப்பில் எழுதியிருக்க வேண்டும். இதற்கும் ஓர் எல்லை உண்டு. 150, 200 என்று தடித்த கோடுகளையே விடையாக எழுதியவர், தன் கணக்கைத் தானே சுலபமாக்கிக்கொண்டார். அவருக்கு முறைக்கான ஒரு மார்க் தரலாம். இறுதி விடைக்கான மார்க்கை நான் தர மாட்டேன்.

கையெழுத்து ஒரு தனித் தொல்லை. 171ஆ 177ஆ என்று தெரியாதபடி கடைசி இலக்கம் இருக்கும். அந்த எண்ணை முறைத்துப் பார்ப்பதில் பயனில்லை, அடுத்த வரியைப் பார்க்க வேண்டும். 197இலிருந்து கழித்து 26 என்று எழுதியிருந்தால் 171. 20 என்றால் 177. அளவுகளை எழுதாமல் வெறும் விடையை மட்டும் எழுதியவரிடம் இந்த வழியும் இல்லை. 10.3 என்று மட்டும் தாளில் இருந்தால், அது 174ஐயும் 192ஐயும் போல வேறு அளவுகளைப் படித்துச் சரியாக வகுத்ததா, 195ஆல் தவறாக வகுத்ததா என்று யாராலும் சொல்ல முடியாது. எனவே, 'இரு மாதங்களின் மழையளவை எழுது' என்பதைக் கேள்வியிலேயே தனி உட்பிரிவாகக் கேட்டுவிட வேண்டும்.

வட்ட விளக்கப்படத்தில் கோணமானி வருகிறது. மொத்தம் 720 பேர், ஒரு பகுதியின் மையக்கோணம் 75 பாகை என்றால் விடை 150 பேர். இங்கே ஒரு பாகைக்கு 2 பேர். இரண்டு பாகை இடம் கொடுத்தால் 146 முதல் 154 வரை சரி. மொத்தம் 1800 ஆனால் ஒரு பாகைக்கு 5 பேர்; அதே இரண்டு பாகை 365 முதல் 385 வரை விரியும். அதனால் சலுகையை எப்போதும் பாகையில் எழுத வேண்டும், ஆட்களின் எண்ணிக்கையில் எழுதக் கூடாது. 210 பேர் என்று ஒரு விடை வந்தால் திகைக்க வேண்டாம். கோணமானியின் எதிர் வரிசையைப் படித்து 75க்குப் பதில் 105 எடுத்திருக்கிறார். அளவுக்கான மார்க் போகும், 360ஆல் வகுத்து 720ஆல் பெருக்கியதற்கானது நிற்கும். 144 என்று வந்தால் பெரும்பாலும் கோணமானியைத் தொடவே இல்லை, ஐந்தில் ஒரு பங்கு என்று கண்ணால் மதிப்பிட்டிருக்கிறார்.

எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அச்சான வினாத்தாள். படத்துக்கு அருகில் '1 செ.மீ. = 50 மி.மீ. மழை' என்று போட்டிருப்பார்கள். தாளில் அடங்குவதற்காக அச்சகத்தில் படத்தைத் தொண்ணூறு சதவீதமாகச் சுருக்கியிருப்பார்கள். 3.9 செ.மீ. இருந்த நவம்பர் பட்டை 3.5 ஆகிவிடும். அளவுகோலை வைத்து அளக்கும் கவனமான பிள்ளை 175 என்று எழுதுவார், கோடுகளைப் பார்த்துப் படித்தவர் 195 என்று எழுதுவார். இரண்டு பட்டைகளும் ஒரே விகிதத்தில் சுருங்குவதால், அளந்தவருக்கும் சதவீதம் ஏறக்குறைய 11.4தான் வரும், அதனால் இறுதி விடையை மட்டும் பார்ப்பவருக்கு இந்தக் கோளாறு கண்ணில் படாது. வட்டம் ஒரே சீராகச் சுருங்கினால் கோணம் மாறாது. உயரம் ஒரு விதமாகவும் அகலம் ஒரு விதமாகவும் இழுபட்டு வட்டம் முட்டை வடிவமானால் கோணங்கள் மாறிவிடும். அந்தத் தாளைச் சரியாக அளந்த பிள்ளைக்கு முழு மார்க் கொடுக்க வேண்டும். பிழை கேள்வியுடையது.

விடைக்குறிப்பு தயாரிப்பவர்களே, கணினியில் இருக்கும் மூலப்படத்தை நம்பாதீர்கள். மாணவர் கையில் போகிற அச்சுத்தாளை எடுத்து, கோணமானியும் அளவுகோலும் வைத்து அளந்து, அந்த அளவையும் ஏற்கத்தக்க எல்லையையும் விடைக்குறிப்பில் எழுதிவிட்டு, அதன் பிறகு திருத்த உட்காருங்கள்.