யார் குரலில் யார்

குண்டடத்துப் பக்கத்தில் எங்களைப் போன்ற குடும்பங்கள் இன்று ஒரே ஊரில் இல்லை. மானாவாரிக் காட்டில் கம்பும் சோளமும் விதைத்த தலைமுறைக்குப் பிறந்தவர்கள் பனியன் கம்பெனிகளைத் தேடித் திருப்பூருக்குப் போனார்கள். அவர்களுடைய மக்கள் பெங்களூருக்கும் அதற்கப்பாலும் போனார்கள். ஆகவே, குலதெய்வக் கோயில் பொங்கலுக்கு எல்லோரும் கூடும்போது திரையில் காட்டுவதற்காக, எங்கள் வம்சத்தைத் தலைமுறை தலைமுறையாக அறிமுகப்படுத்தும் ஒரு வீடியோவைப் புகைப்படங்களையும் வாட்ஸ்அப் குரல் பதிவுகளையும் கொண்டு தயாரிக்க வேண்டும் என்று தீர்மானமாகி, அந்தக் காரியம் என் பொறுப்பில் வந்தது. படங்கள் கிடைப்பதுதான் கடினம் என்று பலரும் எண்ணினார்கள். வேலையில் இறங்கிய பிறகு அதைக் காட்டிலும் பெரியதான வேறொரு கேள்வி எனக்கு எதிர்ப்பட்டது: ஒருவரைக் கண்ணால் கண்டறியாத சந்ததியாருக்கு அவரை அறிமுகம் செய்து வைக்கும் உரிமை யாருக்கு உண்டு?

நல்ல குரலுள்ள ஒருவரைக் கொண்டு முதலிலிருந்து முடிவு வரை வாசிக்கச் செய்வது சுலபமான வழி. கல்யாண வீடியோக்காரர்கள் அப்படித்தான் செய்கிறார்கள். அந்த வழியை நான் ஏற்கவில்லை. ஒருவரோடு ஒரே கூரையின் கீழ் வாழ்ந்து, அவர் கையால் உண்டோ, அவரிடம் ஏச்சு வாங்கியோ அறிந்த ஒருவர் உயிரோடு இருக்கும்வரை, அவரைப் பற்றி அந்த வாய்தான் பேச வேண்டும் என்பது என் அபிப்பிராயம். இந்த விதியைக் கைக்கொண்டால் வீடியோவின் எல்லையும் தானாக அமைந்துவிடுகிறது. 85 வயதான என் அப்பத்தா தம்முடைய அப்பத்தாவைப் பார்த்தவர். அந்த அம்மாள் பிறந்தது ஏறக்குறைய 1880-ஆம் ஆண்டையொட்டி இருக்கலாம். ஆக, இன்று உயிரோடிருக்கும் ஒரு குரல் நம்மை ஒன்றரை நூற்றாண்டுக்குச் சற்றுக் குறைவான தூரம்வரை அழைத்துப் போகும். அதற்கு முற்பட்டவர்கள் பத்திரங்களில் வெறும் பெயர்களாக நிற்கிறார்கள். அவர்களைத் திரையில் பெயராக மட்டுமே எழுதிக் காட்டினேன். அவர்களுக்கு முகமும் குணமும் கற்பித்து ஒரு வாக்கியம்கூட யாரும் பேசவில்லை.

அப்பத்தாவிடம் அப்பாருவைப் பற்றிக் கேட்டபோது அவர் தயக்கமின்றிப் பேசினார். எந்த வருஷத்துப் பஞ்சத்தில் கிணறு வெட்டினார், எந்த மாட்டை விற்றுவிட்டு அன்றிரவு சாப்பிடாமல் படுத்தார் என்பதெல்லாம் வந்தது. பெயர் மட்டும் வரவில்லை. கேட்டதற்கு, "அவீக பேர நான் எப்படிச் சொல்றது கண்ணு, நீயே சேத்துக்க" என்றார். வம்சாவளி வீடியோவுக்குப் பெயர்தான் ஆதாரம். ஆனால் அந்தப் பெயரை உச்சரிக்காமல் அறுபது வருஷம் வாழ்ந்த ஒருவரை வற்புறுத்துவது தர்மமாகாது. நீலகிரித் தோடர்களிடையே தங்கி, ஒவ்வொரு குடும்பத்தின் வம்சாவளியையும் எழுதி 1906-இல் பெரிய நூலாக வெளியிட்ட ரிவர்ஸ் என்ற ஆங்கில அறிஞருக்கும் இதே சங்கடம் நேர்ந்திருக்கிறது. இறந்துபோன உறவினரின் பெயரை உச்சரிக்க அம்மக்கள் மறுத்ததால், ஒரு குடும்பத்தின் பெயர்களை வேறொரு குடும்பத்தாரின் வாயிலிருந்து அவர் பெற்றுக்கொண்டார். நானும் அந்த யுக்தியையே கையாண்டேன். அப்பத்தாவின் தம்பி, அதாவது அப்பாருவின் மச்சினர், பெயரையும் ஊரையும் பிறந்த வருஷத்தையும் சொன்னார். மற்றதையெல்லாம் அப்பத்தா சொன்னார். இரண்டையும் அடுத்தடுத்து வைத்துக் கேட்டபோது, அந்த மனிதரை இரண்டு பக்கத்திலிருந்தும் பார்ப்பது போல் இருந்தது. ஒருவரே பேசியிருந்தால் அந்த நிறைவு கிட்டியிராது.

ரிவர்ஸின் மற்றொரு முறையும் எனக்கு மிகவும் உதவியது. தகப்பன், தாய், பிள்ளை, கணவன், மனைவி என்ற சில உறவுகளை மட்டுமே வைத்து அவர் கேள்வி கேட்டார். அதிலும், பெற்ற தகப்பனையா குறிப்பிடுகிறார்கள் என்பதை நிச்சயப்படுத்திக்கொண்டார். பெரியப்பனையும் அப்பன் முறையில் வைக்கும் நம்மவரிடத்தில் இந்த ஜாக்கிரதை இல்லாவிட்டால் இரண்டு சகோதரர்களின் பிள்ளைகள் ஒரே பெட்டியில் கலந்துவிடுவார்கள். "அவர் உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டால் முறை கிடைக்குமே தவிர வம்சாவளி கிடைக்காது; "அவரைப் பெத்தது யாரு?" என்று கேட்டால்தான் கோடு எங்கே போகிறது என்பது தெரியும்.

தலைமுறை வரிசை என்பது காகிதத்தில் எவ்வளவு ஒழுங்காகத் தோன்றினாலும், அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டிக்கொள்ளும் சம்பிரதாயம் உள்ள குடும்பத்தில் அது ஓரிடத்திலாவது முறுக்கிக்கொள்ளும். எங்கள் பூட்டனும் பூட்டியும் முதல் தலைமுறை. அவர்கள் மக்களில் மூத்தவர் ஒரு பெண். கடைசி மகனுக்கும் அவருக்கும் பதினான்கு வருஷ வித்தியாசம். அந்த அக்காளுக்கு இருபதாவது வயதில் மகள் பிறந்தபோது தம்பிக்கு ஆறு வயதுதான். பிற்காலத்தில் அவர்கள் இருவருக்கும் கல்யாணம் நடந்தது. பிறப்பால் அந்தப் பெண்மணி மூன்றாம் தலைமுறை. மனைவி என்ற முறையில் இரண்டாம் தலைமுறையில் நிற்கிறார். என் தகப்பனாருக்கு அவர் அத்தை மகள்; அவரே சித்தியும் ஆகிறார். அவர் பெற்ற மக்கள் தகப்பன் வழியில் மூன்றாம் தலைமுறை, தாய் வழியில் நான்காம் தலைமுறை. சாதாரணமாக இதைக் கவனியாமல் செய்தால், ஒரே முகம் இரண்டு தலைமுறைகளில் இரண்டு பெயரட்டைகளோடு வந்து, பார்ப்பவர்கள் அவரை இரண்டு ஆட்கள் என்றே எண்ணிவிடுவார்கள். பெயர்கள் தாத்தாவிலிருந்து பேரனுக்குத் திரும்பத் திரும்ப வரும் குடும்பத்தில் அப்படி எண்ணுவதற்கு நியாயமும் உண்டு.

இதற்கு நான் கடைப்பிடித்த முறை இது: ஒவ்வொருவரும் பெற்றோரின் கீழ், பிறந்த இடத்தில், ஒரே ஒரு முறை முழு அளவில் வருகிறார், குரலும் அங்கேதான் ஒலிக்கிறது. புகுந்த இடத்தில் அவருடைய படம் சிறியதாக, ஒரு மெல்லிய கோட்டோடு மட்டும் தெரிகிறது. பிள்ளைகளைத் தகப்பன் வழியில் எண்ணினேன். நாங்கள் பங்காளி முறை கொண்டாடுவது அந்த வழியில் என்பதே அதற்குக் காரணம். தாய் வழியில் எண்ணுவதும் குற்றமில்லை. ஆனால் ஒரே வீடியோவில் இரண்டையும் கலக்கலாகாது. இவ்வளவு ஏற்பாடு செய்தும் தீராத குழப்பத்தை அந்தப் பெண்மணியின் குரலே தீர்த்துவைத்தது. "நான் வேற ஊட்டுக்குப் போகல. அம்மிச்சி ஊட்டுக்கே மருமவளா வந்தேன்" என்று அவர் தொடங்கியதும், எந்தக் கோடும் விளக்க முடியாதது விளங்கிவிட்டது.

பெண்களைப் பற்றி இன்னொன்று சொல்ல வேண்டும். பழைய கிரயப் பத்திரங்களும் பாகப்பிரிவினைப் பத்திரங்களும் இன்னார் குமாரர் இன்னார் என்று தகப்பன் பெயரையும் பெரும்பாலும் வயதையும் சேர்த்து எழுதியிருப்பதால் வம்சாவளிக்கு மிகச் சிறந்த ஆதாரங்கள். ஆனால் மகள்கள் அவற்றில் அநேகமாக வருவதில்லை. தமிழ்நாட்டில் 1989-ஆம் வருஷத்துச் சட்டத் திருத்தத்துக்குப் பிறகே கூட்டுக் குடும்பச் சொத்தில் மகளுக்கு மகனைப் போல் பங்கு கிடைத்தது; அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் அவள் கையெழுத்துக்குப் பெரும்பாலும் அவசியம் இருக்கவில்லை. நான்கு பிள்ளைகள் என்று பத்திரம் சொன்ன ஒரு வீட்டில் ஏழு பேர் பிறந்திருந்தார்கள் என்பதை எனக்குக் காட்டிக்கொடுத்தது பழைய மொய் நோட்டு. ஊர், பெயர், தொகை என்ற வரிசையில் எழுதப்பட்ட அந்த நோட்டில், மூன்று வெவ்வேறு ஊர்களிலிருந்து தாய்வீட்டுக் கல்யாணத்துக்கு மருமகன்கள் மொய் வைத்திருந்தார்கள். அந்த ஊர்களுக்குப் பேசி விசாரித்ததில் மூன்று பெண்களும் கிடைத்தார்கள். ஒருவருடைய பேத்தியிடம் புகைப்படமும் இருந்தது. பத்திரங்களைப் படிக்கும்போது ஜில்லாப் பெயரைக் கண்டு வேறு ஊரென்று மயங்கிவிடக் கூடாது. தாராபுரம் தாலூகாவிலுள்ள நாங்கள் 1979 வரை கோயமுத்தூர் ஜில்லா, பின்பு பெரியார் மாவட்டம், அது பெயர் மாறி ஈரோடு மாவட்டம், 2009 முதல் திருப்பூர் மாவட்டம். வீடு நகரவில்லை, முகவரி மட்டும் மூன்று முறை மாறிற்று.

குரலை முதலில் சேகரிக்க வேண்டும், படத்தைப் பிறகு தேடலாம் என்று நான் உறுதியாகச் சொல்வதற்கு எங்கள் பிரதேசத்திலேயே ஒரு சான்று உண்டு. 1965-இல் காங்கேயத்தை அடுத்த ஓலப்பாளையத்தில் தங்கியிருந்த பிரெண்டா பெக் என்ற மானிடவியல் அறிஞர், மூன்று தலைமுறைகளின் வரலாறாகிய அண்ணன்மார் கதையை உள்ளூர்ப் பாடகர்கள் பல இரவுகள் பாட, ஒலிநாடாவில் பதிவு செய்தார். பல்லாண்டுகள் கழித்து அந்த ஒலியிலிருந்தே 26 பகுதிகள் கொண்ட சித்திரப்படத் தொடர் உருவாயிற்று. அந்த நாடா இல்லாமற்போயிருந்தால், எவ்வளவு சிறந்த ஓவியரும் அந்த இரவுகளின் பாட்டைத் திரும்ப உண்டாக்கியிருக்க முடியாது.

பதிவு செய்யும் விதத்தில் இரண்டு விஷயங்கள் கவனிக்கத்தக்கவை. ஆனி ஆடியில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று இங்கே காற்றாலைகளைச் சுழற்றும் வேகத்தில் வீசும். திண்ணையில் அமர்ந்து பேசியவர்களின் பதிவுகளில் இரைச்சலே மிஞ்சியது. உள்ளறையில், மின்விசிறியை நிறுத்திவிட்டு, போனை வாய்க்கு ஒரு சாண் தூரத்தில் பிடித்துப் பேசச் சொன்ன பிறகே சொற்கள் தெளிவாயின. அடுத்தது, ஆண்ட்ராய்டு போனில் வந்து சேரும் பதிவு PTT-20250614-WA0007.opus என்பது போன்ற பெயரோடு இருக்கும். அதில் தேதி உண்டே தவிரப் பேசியவர் யார், யாரைப் பற்றி என்பது இராது. வந்த அன்றே பேசியவர் பெயரையும் பேசப்பட்டவர் பெயரையும் சேர்த்து மாற்றி எழுதாவிட்டால், ஐம்பது பதிவுகள் சேர்ந்தபின் இரண்டு அத்தைமார் குரல்களைப் பிரித்தறிய முடியாது. புகைப்படங்களையும் சாதாரணமாக அனுப்பினால் வாட்ஸ்அப் சுருக்கிவிடும். டாக்குமெண்டாக அனுப்பச் சொல்ல வேண்டும். சட்டத்துக் கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட பழைய ஸ்டூடியோப் படத்தைப் பிரித்தெடுக்கலாகாது. முகத்தின் ஜெலட்டின் பூச்சு கண்ணாடியோடு போய்விடும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்துக் கண்ணாடியோடேயே படமெடுப்பது நல்லது.

பூட்டனின் சொந்த ஊர் எது என்பதில் மட்டும் இரண்டு சகோதரிகள் கடைசிவரை ஒத்துப்போகவில்லை. பஞ்சத்துக்குப் பிறகு வேறு ஊரிலிருந்து குடிவந்தவர் என்கிறார் மூத்தவர். ஆதி முதலே இவ்வூர்தான், பெண் எடுத்ததுதான் அந்த ஊரில் என்கிறார் இளையவர். என் கைக்கு எட்டிய பத்திரங்களில் இதைத் தீர்ப்பதற்கு ஒன்றுமில்லை. ஒன்றை வெட்டிவிட்டால் வீடியோ சீராக ஓடும் என்று தம்பிமார் சொன்னார்கள். இருவரும் அவரைத் தூக்கி வளர்த்தவர்களின் வாயால் கேட்டவர்கள் என்பதால் நான் அதற்கு இசையவில்லை. வயது வரிசைப்படி மூத்தவர் குரல் முதலிலும் இளையவர் குரல் அடுத்தும் வருகின்றன. படம் ஒன்றுதான், கீழே ஊர்ப் பெயர் மட்டும் மாறுகிறது.