முதல் கரண்டித் தண்ணீர்

ஒரகடம் கம்பெனி பஸ்கள் ஷிஃப்டு ஆட்களை இறக்கிக்கொண்டிருந்த நேரம். இரவு வேலையில் இடது கை கால் விழுந்துபோன 48 வயதுக்காரரை வார்டுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். அவர் மனைவி கையில் ஃபிளாஸ்க்.

"சிஸ்டர், ராத்திரியிலேருந்து ஒண்ணும் இறங்கல. ஒரு வாய் காபி குடுக்கட்டுமா?"

"கொஞ்சம் பொறுங்கம்மா. முதல்ல நான் பாத்துடறேன்."

மாத்திரைகூட அதற்குப் பிறகுதான். பக்கவாதத்தில் தொண்டையும் மரத்துப்போகலாம். அப்போது தண்ணீர் நுரையீரலுக்கு வழி மாறினாலும் இருமல் வராது. எனக்கு அதிகம் பயம் தருவது அந்த ஓசையில்லாத புரையேற்றம்தான்.

நன்றாக விழித்திருக்கிறாரா, சொன்னால் இருமுகிறாரா என்று பார்த்தேன். நேராக உட்காரவைத்து, ஒரு டீஸ்பூன் தண்ணீர் கொடுத்துவிட்டு, குரல்வளைமேல் விரல் வைத்தேன். மேலேறி இறங்கியது. "ஆ சொல்லுங்க." குரலில் ஈரக் கரகரப்பு இல்லை. இப்படி மூன்று முறை. பிறகு ஒரு கிளாஸில் 50 மில்லி. வாயோரம் வழியவில்லை, மூச்சு வாங்கவில்லை. அன்று மதியம் குழைந்த கஞ்சி குடித்தார்.

ஆஸ்திரேலியாவில் 19 பக்கவாதப் பிரிவுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் செவிலியர்கள் காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல் மூன்றையும் ஒழுங்காகக் கவனித்துப் பார்த்தார்கள். மூன்று மாதத்தில் இறந்தவர்களும் பிறர் துணையோடு வாழ்ந்தவர்களும் சேர்த்து மற்ற இடங்களில் நூற்றுக்கு 58, அப்படிக் கவனித்த இடங்களில் 42. 2011இல் வெளிவந்த ஆய்வு. ஒரு டீஸ்பூனை எடுக்கும்போதெல்லாம் எனக்கு அது நினைவுக்கு வரும்.

அவரைத் திருப்பிப் படுக்கவைக்க மகன் இடது கையைப் பிடித்து இழுக்கப் போனான். தடுத்தேன். தசை தளர்ந்த தோள், இழுத்தால் மூட்டிலிருந்து நழுவும். அந்த வலி மாதக்கணக்கில் நிற்கும். தோள்பட்டைக்குப் பின்னால் கை கொடுத்துத் திருப்பி, செத்த கைக்குக் கீழே தலையணை வைக்கக் கற்றுக்கொடுத்தேன். அவன் கவனமாகச் செய்தான். சாப்பிட்டபின் அரை மணி நேரம் அப்பாவை நிமிர்த்தியே வைத்திருந்தான்.

இரண்டாம் நாள் இரவு 11 மணி. மனைவி ஊட்டிய கஞ்சி இடது கன்னத்துக்குள் அப்படியே நின்றது. "தூக்கக் கலக்கம்மா" என்றார். முதல் நாள் தேறியவர்தானே என்று நானும் நகர்ந்திருக்கலாம். வாயைத் துடைத்தெடுத்துவிட்டுக் கூப்பிட்டேன். கூப்பிட்டால்தான் கண் திறந்தார், இடம் குழம்பிச் சொன்னார். காலையில் 15 இருந்த நினைவு அளவு 13. டார்ச் அடித்தேன்: வலது கண் பாப்பா இடதைவிடக் கொஞ்சம் பெரியது.

பெரிய அடைப்பில் மூளை வீங்குவது பெரும்பாலும் இரண்டாம் நாளிலிருந்துதான். பாப்பா விரிவதற்கு முன்பே தூக்கம் கூடும். அதைத் தூக்கம் என்று விட்டுவிட்டால் நேரம் போய்விடும். மருத்துவரை எழுப்பினேன். வாய்வழி எதுவும் வேண்டாம் என்று தலைமாட்டில் எழுதி ஒட்டினேன். தலைப்பக்கத்தை 30 டிகிரி உயர்த்தி, கழுத்து மடங்காமல் நேராக வைத்தேன். ஸ்கேன் பார்த்து, மண்டையோட்டைத் திறந்து இடம் கொடுக்கும் அறுவை சிகிச்சைக்காகச் சென்னைக்கு அனுப்பினோம்.

கூடவே போன தாளில் மணி, நினைவு அளவு, பாப்பாவின் அளவு எழுதினேன். கடைசி வரி: இரவு 11 மணி, கன்னத்தில் கஞ்சி.